நல்ல வருசத்துக்குப் பிறகு வாற மெலிஞ்ச வருசம்: லண்டனில ஆரும் வரிக்குச் சராசரி கேட்டிருக்கிறீங்களோ?

கோட்டுக்காரி, 9 ஜனவரி 2026

பிள்ளையளின்ர கதைப்புத்தகங்களுக்குப் படம் கீறுறன். சுயதொழில். 2023-24இல என்ர லாபம் 12,000 பவுண். 2024-25இல ஒரு புத்தகத்தின்ர முன்பணமும், வாழ்த்து அட்டைக்காரர் என்ர பழைய படங்களை எடுத்த காசும் ஒண்டா வந்து விழுந்து 60,000. இந்த வருசம் திரும்ப 15,000 வந்தாலே பெரிய விசயம்.

வரித் திணைக்களம் எச்எம்ஆர்சியின்ர இணையப் பக்கத்தில இலக்கங்களைப் போட்டுப் பார்த்தன். 31ஆம் திகதிக்குள்ள 20,832 பவுண் 90 பென்ஸ் கட்டு எண்டுது. 60,000 உழைச்ச ஆளிட்ட மூண்டில ஒரு பங்கோ? 12,000 உழைச்ச வருசத்தில "ஒண்டும் கட்டத் தேவையில்லை" எண்டு சொன்ன அதே ஆக்கள்தான் இவை. ரெண்டு வருசத்தையும் கூட்டி ரெண்டால பிரிச்சு வரி கட்டலாம் எண்டு ஒரு சிநேகிதி சொன்னா. உண்மையோ?

லெஸ்டர்காரன், 9 ஜனவரி

உண்மைதான். 5 வருடத்தைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாம். என் மாமா எடுத்தவர். எப்பிடிப் பார்த்தாலும் லாபம்தான், யோசிக்காமல் போடுங்கோ.

மயிலை வாசகன், 10 ஜனவரி

இந்தியாவில் இதற்கு 80கியூகியூபி என்றே ஒரு பிரிவு இருக்கிறது. எழுத்தாளரின் ராயல்டியில் 3 லட்சம் வரை கழிவு. தமிழ் எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு ராயல்டி 3 லட்சத்தைத் தொடும் என்பது வேறு கதை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா, புதியதையா?

கோட்டுக்காரி, 10 ஜனவரி

மயிலை ஐயா, நான் இருக்கிறது வெம்பிளியில. எனக்குப் பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, ஒரே ஒரு முறைதான், அதுவும் விளங்கேல்லை.

லெஸ்டர் அண்ணா, உங்கட மாமா என்ன எழுதினவர்?

லெஸ்டர்காரன், 10 ஜனவரி

எழுதேல்லை. கோழிப்பண்ணை.

பேரேடு, 10 ஜனவரி

அதுதானே பார்த்தன். 5 வருடச் சராசரி கமக்காரருக்கு மட்டும், அதுவும் 2016 ஏப்ரலுக்குப் பிறகுதான் வந்தது. கமக்காரருக்கு 2 வருடச் சராசரி 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கு. எழுதுறவை, கீறுறவை, இசை அமைக்கிறவைக்கு 2001இல குடுத்தவை, இண்டைக்கும் 2 வருடம் மட்டும்தான். ரெண்டும் அடுத்தடுத்த வருடங்களாயிருக்க வேணும். ஒண்டின்ர லாபம் மற்றதின்ர முக்கால் பங்கைவிடக் குறைவாயிருக்க வேணும். நட்டப்பட்ட வருடத்தைச் சைபர் எண்டு எடுப்பினம். தொழில் தொடங்கின வருடத்தையும் மூடின வருடத்தையும் சேர்க்கேலாது.

பிள்ளைக்கு 12க்கும் 60க்கும். முக்கால் என்ன, காலும் இல்லை. தகுதி இருக்கு.

முப்பது வருசத்துக்குக் கிட்ட மற்றவையின்ர கணக்கெழுதிப் போட்டு இப்ப ஓய்வில இருக்கிறன். ஆனால் "எப்பிடிப் பார்த்தாலும் லாபம்" எண்ட கதையை மட்டும் நம்பாதேங்கோ. இரவைக்குக் கணக்கோட வாறன்.

பேரேடு, 10 ஜனவரி, இரவு

முதல்ல அந்த 20,832ஐப் பிரிச்சுப் பாருங்கோ. அது முழுக்க 2024-25இன்ர வரி இல்லை. உங்கட 60,000க்கு வருமான வரி 11,432. தேசிய காப்புறுதி நாலாம் வகுப்பு 2,456.60. கூட்டினால் 13,888.60. மிச்சம் 6,944.30, அடுத்த வருடத்துக்கான முற்கொடுப்பனவின்ர முதல் பாதி. நீங்கள் 2025-26இலயும் 60,000 உழைப்பீங்கள் எண்டு அவை தாங்களாகவே நினைச்சுக் கேக்கிறது. அதே அளவு இரண்டாம் பாதி ஜூலையில வரும்.

இனிச் சராசரி. 12,000உம் 60,000உம் 72,000, பாதி 36,000. ரெண்டு வருடமும் 36,000 எண்டு வைச்சால் வருமான வரி வருடத்துக்கு 4,686, ரெண்டுக்கும் 9,372. முன்னம் 11,432. ஆக 2,060 மிச்சம். எங்கயிருந்து வந்தது? 50,270க்கு மேல இருந்த 9,730 பவுணுக்கு 40 வீதம் போய் 20 வீதமாச்சு. அதோட மெலிஞ்ச வருடத்தில வீணாப்போன 570 பவுண் வரியில்லாக் கழிவும் பயன்பட்டுது. இந்த ரெண்டு இடத்திலதான் சராசரிக்கு வேலை. ரெண்டு வருடமும் 20 வீதத்துக்குள்ளயே நிக்கிற ஆள் 20,000ஐயும் 40,000ஐயும் சராசரி போட்டால் வருமான வரியில ஒரு சதமும் மிஞ்சாது.

கோட்டுக்காரி, 11 ஜனவரி

2,060! அக்கா, இண்டைக்கே போடப்போறன்.

பேரேடு, 11 ஜனவரி

நில்லு பிள்ளை. காப்புறுதியை இன்னும் சொல்லேல்லை.

நாலாம் வகுப்பு வருமான வரிக்கு எதிர்ப்பக்கமாப் போறது. 50,270க்கு மேல போனால் வருமான வரி கூடும், காப்புறுதி குறையும். மேல உள்ள காசுக்கு 2 வீதம்தான். சராசரி போடேக்க அந்தக் காசைக் கீழ இறக்கிறீங்கள். கீழ 2024-25இல 6 வீதம். 2023-24இலயோ 9 வீதம்! 2023-24க்கு ஒண்டும் கட்டாமல் இருந்த நீங்கள் இப்ப 36,000க்கு 2,108.70 கட்டவேணும். 2024-25இல 1,405.80. ரெண்டும் 3,514.50. முன்னம் இருந்தது 2,456.60. ஆக 1,057.90 கூடுது.

2,060இல இதைக் கழிச்சால் கையில நிக்கிறது 1,002.10. பாதி போச்சு.

கன இடங்களில இதை வருமான வரிக்கு மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுறவை. பிறகு ஆக்கள் வந்து "சொன்ன காசு வரேல்லை" எண்டு சண்டை.

தனியாவர்த்தனம், 11 ஜனவரி

நான் மிருதங்கம். மார்கழியில கச்சேரி மேல கச்சேரி, ஆனியில மாவிடிச்சது மாதிரி வீட்டுக்குள்ள தட்டிக்கொண்டு இருக்கிறன். எனக்கும் இது சரிவருமோ?

பேரேடு, 11 ஜனவரி

தம்பி, உங்கட ஏற்ற இறக்கம் ஒரு வருடத்துக்குள்ள. மார்கழியும் ஆனியும் ஒரே வரி வருடத்திலதான் விழுது. அதுக்குச் சராசரி தேவையே இல்லை.

வருடத்துக்கு வருடம் ஆடினாலும் கஷ்டம்தான். சட்டம் கேக்கிறது நீங்களே ஆக்கின இலக்கியம், நாடகம், இசை, ஓவியம், வடிவமைப்பு. மற்றவன் ஆக்கினதை வாசிச்சால், நடிச்சால், ஆடினால் அதுக்குள்ள வராது. நீங்கள் சொந்தமா மெட்டமைச்சு, அதின்ர உரிமைத்தொகையிலதான் பெரும்பாலும் சீவிக்கிறீங்கள் எண்டால் கதை வேற.

தனியாவர்த்தனம், 11 ஜனவரி

தனி வாசிக்கேக்க ஒவ்வொரு மோராவும் நான் மேடையில ஆக்கிறதுதானே! அது ஆக்கம் இல்லையாமோ? இதை எச்எம்ஆர்சிக்கு ஆர் விளங்கப்படுத்துறது.

மெல்பேர்ன் தங்கச்சி, 12 ஜனவரி

அண்ணா, இங்க வாங்கோ. அவுஸ்திரேலியாவில "விசேட தொழிலர்" எண்டு ஒரு வகை இருக்கு. எழுத்தாளர், கண்டுபிடிப்பாளர், விளையாட்டு வீரர், மேடைக் கலைஞர் எல்லாரும் அதுக்குள்ள. வழமையைவிடக் கூட உழைச்ச பகுதியில ஐந்தில ஒண்டுக்கு மட்டும் வரி கணிச்சு, அதை ஐந்தால பெருக்கிறது. முழுத்தொகையும் உச்ச வீதத்தில போய் மாட்டாது. கமக்காரருக்கு வேற முறை, அது கேக்காமலே நடக்கும், வேண்டாமெண்டால்தான் எழுதிக் குடுக்க வேணும்.

கீரைத்தோட்டம், 12 ஜனவரி

கென்ட்டில பொலித்தீன் கூடாரத்துக்குள்ள கீரையும் பாகலும் போடுறன். கமக்காரர் எண்டு சொல்லேக்க காய்கறித் தோட்டக்காரரும் அதுக்குள்ள அடக்கம், நான் 5 வருடச் சராசரி ஒருக்கா எடுத்தனான். முதல் 4 வருடத்தின்ர சராசரியையும் ஐந்தாம் வருடத்தையும் ஒப்பிட்டு அதே முக்கால் கணக்குப் பார்ப்பினம். ஒரு வருடம் காத்தடிச்சு கூடாரம் ரெண்டு கிழிஞ்சு போய் லாபமே இல்லை. அந்த வருடம் உள்ள இருந்தபடியால் மற்றக் கேள்வி ஒண்டும் கேக்கேல்லை.

பிறகு என்ர கணக்காளர் கம்பனியாப் பதியச் சொன்னவர். பதிஞ்சன். பதிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது, கம்பனிக்குச் சராசரி கிடையாது. தனி ஆளுக்கும் கூட்டாளிகளுக்கும் மட்டும்தானாம். அவர் அதைச் சொல்லவே இல்லை. கேட்டால் "நீங்கள் கேக்கேல்லையே" எண்டார்.

கோட்டுக்காரித் தங்கச்சி, ஆரும் கம்பனி பதியச் சொன்னால் முதல்ல இதை யோசியுங்கோ.

கோட்டுக்காரி, 12 ஜனவரி

ஒருத்தர் சொன்னவர்தான்! நல்ல வருசத்தில எல்லாரும் கம்பனி பதியச் சொல்லுவினம்.

1,002 எண்டாலும் காசுதானே. ஒரு மாசத்து வீட்டு வாடகைக்குக் காணாது, ஆனால் நல்ல வரைபலகை ஒண்டு வாங்கலாம். HS234 எண்ட தாளை இறக்கி வைச்சிருக்கிறன். முதல் பக்கத்திலயே "நீங்கள் காசு அடிப்படையில கணக்கு வைப்பவரா" எண்டு கேக்குது. நான் வங்கிக்குக் காசு வந்தால் எழுதுவன், போனால் எழுதுவன். அதைத்தான் கேக்கினமோ?

பேரேடு, 12 ஜனவரி

அதைத்தான். இதைக் கேட்டிருக்க வேண்டியது நான்தான் முதல்ல.

காசு அடிப்படையில கணக்கு வைச்சால் சராசரி இல்லை. முந்தி காசு அடிப்படை வேணுமெண்டால் பெட்டியில குறி போட வேணும். 2024-25இல இருந்து தலைகீழாக்கிப் போட்டினம். ஒண்டும் சொல்லாட்டி நீங்கள் காசு அடிப்படைதான், வேண்டாமெண்டால்தான் குறி போட வேணும். போன வருடம் வரைக்கும் சராசரி கேட்டுக்கொண்டிருந்த ஆக்களும் பார்க்காமல் இதுக்குள்ள விழுந்திருப்பினம்.

2023-24இல அந்தக் குறி போட்டனீங்களோ? அதோட ஒரு கேள்வி. 2025 ஏப்ரல் 5க்கு முதல் பில் அனுப்பி, பிறகு காசு வந்தது ஏதும் இருக்கோ?

கோட்டுக்காரி, 13 ஜனவரி

2023-24இல குறி போடேல்லை. அந்த வருசம் பில்லும் காசும் ஒரே வருசத்துக்குள்ளதான், அதால பிரச்சினை இல்லை.

மற்றது இருக்கு. மார்ச் 24ஆம் திகதி 5,000 பவுணுக்குப் பில் அனுப்பினன். கடைசிப் படங்கள் குடுத்ததுக்கு. மே மாசம்தான் காசு வந்தது. அதுவரைக்கும் கிழமைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "எங்கட கணக்குப் பகுதிக்கு அனுப்பியிருக்கு" எண்ட ஒரே பதிலை வாங்கிக்கொண்டு இருந்தன்.

பேரேடு, 13 ஜனவரி, இரவு

அப்ப எல்லாம் மாறுது. தேத்தண்ணி போட்டுட்டு இருந்து வாசியுங்கோ.

காசு அடிப்படையை விட்டால் அந்த 5,000 மார்ச் மாசத்துக்குப் போகும். அப்ப 2024-25 லாபம் 60,000 இல்லை, 65,000. 2025-26இல நீங்கள் எதிர்பார்க்கிற 15,000, 10,000 ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மூண்டு வருடத்தையும் சேர்த்து.

ஒண்டும் செய்யாமல் காசு அடிப்படையில விட்டால்: 2023-24க்கு இல்லை, 2024-25க்கு 13,888.60, 2025-26இன்ர 15,000க்கு 631.80. மொத்தம் 14,520.40.

2023-24ஐயும் 2024-25ஐயும் சராசரி போட்டால்: 12உம் 65உம், பாதி 38,500. வரியும் காப்புறுதியும் ரெண்டு வருடத்துக்கும் 14,261.50. 2025-26இன்ர 10,000க்கு ஒண்டும் இல்லை. மிச்சம் 258.90. முந்தநாள் சொன்ன 1,002.10 இதாத்தான் சுருங்குது. நல்ல வருடத்துக்குள்ள இன்னும் 5,000ஐத் தள்ளிப் போட்டு, மற்றப் பக்கத்தில 2,570 பவுண் வரியில்லாக் கழிவையும் வீணாக்கிறம்.

இனிப் பாருங்கோ. 2023-24ஐ விட்டிட்டு 2024-25ஐயும் 2025-26ஐயும் போட்டால்: 65உம் 10உம், பாதி 37,500. ரெண்டு வருடமும் 37,500 எண்டு வரி 9,972, காப்புறுதி 2,991.60. மொத்தம் 12,963.60. மிச்சம் 1,556.80.

5,000 எந்தப் பக்கம் போனாலும் அந்த ரெண்டு வருடத்துக்குள்ளயே நிக்குது, கூட்டுத்தொகை மாறேல்லை. அதோட 2023-24இன்ர 9 வீதத்துக்குள்ள மாட்டுறதும் இல்லை. பின்னால பார்க்காமல் முன்னால பாருங்கோ.

லெஸ்டர்காரன், 14 ஜனவரி

ரெண்டையும் போட்டால் என்ன? முதல் 23-24உம் 24-25உம், பிறகு வந்ததை 25-26ஓட?

பேரேடு, 14 ஜனவரி

நல்ல கேள்வி. போடலாம். ஒருக்காச் சராசரி போட்ட லாபத்தையே அடுத்த சோடிக்கு எடுக்க வேணும். 38,500ஐ 10,000ஓட போட்டால் 24,250. கணக்குப் பார்த்தன், மூண்டு வருடமும் 13,593.30. 12,963.60ஐ வெல்லேலாது. திரும்பிப் போறதுக்கும் வழியில்லை: 24-25ஐயும் 25-26ஐயும் போட்ட பிறகு, 23-24ஐயும் 24-25ஐயும் போட விடமாட்டினம். வருட வரிசையிலதான் போக வேணும்.

அதால அவசரப்பட்டு இந்த ஜனவரியில போடாதேங்கோ. 23-24, 24-25 சோடிக்கு 2027 ஜனவரி 31 வரைக்கும் காலம் இருக்கு. மற்றச் சோடிக்கு 2028 ஜனவரி 31. ஏப்ரலில உங்கட 2025-26 லாபம் தெரிஞ்சிடும்.

கோட்டுக்காரி, 14 ஜனவரி

அக்கா, ரெண்டு தரம் வாசிச்சன். விளங்குது. ஆனால் 31ஆம் திகதி கட்ட வேண்டியது அப்பிடியே நிக்குதே? வங்கியில 18,400தான் இருக்கு. சராசரி என்ர காசைத் திருப்பித் தருமாம், ஆனால் முதல்ல நான் அந்தக் காசைக் கட்டி முடிக்க வேணுமாம். என்ன நியாயம் இது?

பேரேடு, 14 ஜனவரி

அதுதான் இந்தச் சட்டத்தின்ர பலவீனம். சராசரி போடேக்க பழைய வருடத்தின்ர பத்திரத்தைத் திருத்த மாட்டினம். பழைய வருடத்துக்கு எவ்வளவு குறைஞ்சது, எவ்வளவு கூடினது எண்டு கணக்குப் பார்த்து, பிந்தின வருடத்தின்ர பில்லில ஏத்துவினம். உங்களுக்கு 24-25இல குறையிறது 25-26இன்ர பில்லிலதான் தெரியும். அதுக்குள்ள 13,888.60ஐக் கட்டித்தான் ஆகவேணும்.

ஆனால் முற்கொடுப்பனவைக் குறைக்கலாம். SA303 எண்டு தேடுங்கோ, இணையத்திலயே செய்யலாம், ரெண்டு நிமிச வேலை. 15,000தான் வரும் எண்டு சொல்லி 315.90ஆ இறக்க மனம் வரும். இறக்காதேங்கோ. பிறகு சராசரி போட்டால் 25-26இன்ர பங்கு 6,481.80 ஆகும். குறைச்சுக் கட்டினதுக்கு வட்டி கேப்பினம். அதின்ர பாதி, 3,240.90 எண்டு போடுங்கோ. அப்ப 31ஆம் திகதிக்கு 17,129.50. 18,400க்குள்ள வருது.

31 இந்த முறை சனிக்கிழமை. வெள்ளிக்கே அனுப்பிப் போடுங்கோ.

மயிலை வாசகன், 15 ஜனவரி

மேடம் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் சட்டத்தைப் புரட்டினேன். 80கியூகியூபி வெறும் கழிவுதான், ஆண்டுகளுக்கிடையே பரப்புவதில்லை. பரப்புவதற்கு 180ஆம் பிரிவு இருக்கிறது: எழுதி முடிக்க 12 மாதத்துக்கு மேல் ஆன படைப்பு என்றால், அதற்காக வந்த தொகையை வேறு ஆண்டுகளுக்கும் பிரித்துக் காட்டக் கேட்கலாம். எங்கள் ஆடிட்டரிடம் சொன்னேன். முப்பது ஆண்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லையாம்.

விவசாயிக்கு இங்கே அந்தக் கவலையே இல்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. வேறு வருமானமும் இருந்தால் வரி வீதத்தைக் கணக்கிட மட்டும் அதைச் சேர்ப்பார்கள்.

கீரைத்தோட்டம், 15 ஜனவரி

வரியே இல்லையோ! நான் பிழையான நாட்டில கீரை போட்டிருக்கிறன்.

கோட்டுக்காரி, 16 ஜனவரி

பத்திரம் அனுப்பியாச்சு. ஆனால் ஒரு இடத்தில கனநேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தன். காசு அடிப்படையை விடுறன் எண்டு இப்பவே குறி போடுறதோ, விடுறதோ? போட்டால் 65,000 எண்டு காட்ட வேணும், இந்த ஜனவரியிலயே இன்னும் 2,100 கட்ட வேணும். அது என்னட்ட இல்லை.

பேரேடு அக்கா தனியா எழுதினவ, அவவின்ர அனுமதியோட போடுறன்: "குறி போட்டுப்போட்டு, பிறகு சராசரி போடாமல் விட்டால் மூண்டு வருடத்துக்கும் 1,468 பவுண் நட்டம். குறி போடாமல் அனுப்பி, பிறகு பத்திரத்தைத் திருத்தினால் அந்த 2,100க்கு வட்டி. வட்டி சின்னக் காசு. திருத்த 2027 ஜனவரி 31 வரை காலம் இருக்கு. ஆனால் அந்தத் திகதியை நாட்காட்டியில எழுதி வையுங்கோ, அதுக்குப் பிறகு சராசரியை மறக்க வேண்டியதுதான்."

குறி போடேல்லை. எழுதி வைச்சிருக்கிறன்.

தனியாவர்த்தனம், 17 ஜனவரி

நான் ஒரு சின்ன இசைத்தட்டுப் போட்டனான், அதில ரெண்டு உருப்படி என்ர சொந்த மெட்டு. இதால நான் இசையமைப்பாளர் ஆகிறனோ?

பேரேடு, 17 ஜனவரி

அதில எவ்வளவு வந்தது?

தனியாவர்த்தனம், 17 ஜனவரி

கேக்காதேங்கோ.

கோட்டுக்காரி, 11 ஏப்ரல் 2026

திரும்ப வாறன். 2025-26 முடிஞ்சுது. காசு அடிப்படையில லாபம் 14,200. அந்த 5,000ஐப் பின்னால தள்ளினால் 9,200. 65,000ஓட சேர்த்துப் பாதி 37,100. அக்கா சொன்ன கணக்குக்குக் கிட்டத்தான் நிக்குது.

ஆனால் இரவு படுத்திருந்து யோசிக்கேக்க ஒண்டு உறைச்சுது. தனியாவர்த்தனம் அண்ணாக்கு அக்கா சொன்னவ, பெரும்பாலும் சொந்த ஆக்கத்தில வந்த லாபமாயிருக்க வேணும் எண்டு. இந்த வருசம் எனக்கு வந்ததில 8,100 பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளையளோட படம் கீறினதுக்கு வந்தது. அது ஆக்கமோ, படிப்பிக்கிறதோ? என்ர புத்தகத்தைத்தான் வாசிக்கிறன், என்ர பாத்திரங்களைத்தான் பலகையில கீறிக் காட்டுறன்.

லெஸ்டர்காரன், 11 ஏப்ரல்

ஆக்கம்தான். பலகையில புதுசாக் கீறுறீங்கள்தானே. ஆர் பார்க்கப் போறான்?

பேரேடு, 12 ஏப்ரல்

அவை பார்ப்பினம் எண்டு நினைச்சே எழுத வேணும் தம்பி.

பிள்ளை, அது படிப்பிக்கிற பக்கம்தான் சாயும் எண்டு நினைக்கிறன். பலகையில கீறினதை நீங்கள் விக்கேல்லை, உங்கட நேரத்தை வித்தனீங்கள். மற்றக் கணக்காளர் வேற மாதிரிச் சொல்லலாம், சண்டை போட இடம் இருக்கு.

ஆனால் நீங்கள் வரவைப் பார்க்கிறீங்கள். சட்டம் கேக்கிறது லாபத்தை. படப்புத்தகத்துக்கு உங்கட செலவு என்ன? தாள், மை, மென்பொருள் சந்தா. பள்ளிக்கூடம் போறதுக்கோ ரயில், இரவு தங்கின அறை, நூறு பிள்ளையளுக்குத் தாளும் பென்சிலும். 8,100இல அந்தச் செலவு எவ்வளவு எண்டு பிரிச்சு எழுதினால், மிஞ்சிற லாபம் 9,200இன்ர பாதிக்கு, அதாவது 4,600க்குக் கீழ வருதோ எண்டு பாருங்கோ. வந்தால் நான் தயங்காமல் கையெழுத்து வைப்பன். வராட்டி யோசிக்க வேணும்.

ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான செலவைப் பிரிக்கேக்க நேர்மையாப் பிரியுங்கோ. தொலைபேசி முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு எண்டு எழுதினால் ஆரும் நம்பார்.

கோட்டுக்காரி, 12 ஏப்ரல்

டரம் போனது, கார்டிஃப் ரெண்டு தரம், நோரிச். கார்டிஃபில ஒரு பள்ளிக்கூடம் ரயில் காசு தந்தது, மற்றது தரேல்லை. தந்ததைச் செலவாப் போடேலாதுதானே?

பேரேடு, 12 ஏப்ரல்

தந்த காசை வரவில போட்டிருந்தால் ரயில் காசைச் செலவில போடலாம். வரவில போடாட்டி ரெண்டையும் விடுங்கோ. 8,100க்குள்ள அது இருக்கோ எண்டு பாருங்கோ.

கோட்டுக்காரி, 13 ஏப்ரல்

இருக்கு. 96 பவுண். சப்பாத்துப் பெட்டிக்குள்ள இருந்த சீட்டெல்லாத்தையும் மேசையில கொட்டியிருக்கிறன், பாதியில எழுத்து மங்கிப் போச்சு. வங்கிக் கூற்றோட பொருத்திப் பார்க்க வேணும். இதுவரைக்கும் கூட்டினதில பள்ளிக்கூட லாபம் 5,300இல நிக்குது. இன்னும் நோரிச் அறைவாடகை போடேல்லை.

கீரைத்தோட்டம், 13 ஏப்ரல்

நோரிச்சில எத்தினை நாள் நிண்டனீங்கள்?

கோட்டுக்காரி, 13 ஏப்ரல்

ஒரு கிழமை. ஆனால் அதில ரெண்டு நாள் சும்மா கடற்கரை பார்க்கப் போனது.

பேரேடு, 13 ஏப்ரல்

அந்த ரெண்டு நாளையும் கழிச்சுப் போடுங்கோ.